அவே மெசேஜும் குயிக் ரிப்ளையும்: கடைத்தெருவில் என்னிடம் கேட்ட கேள்விகள்

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங். வருகிற வேலையில் பாதி வாட்ஸ்அப்பில்தான் வருகிறது, அதுவும் பெரும்பாலும் கடை மூடிய பிறகு. அதனால் பிசினஸ் வாட்ஸ்அப்பை முதலில் நோண்டியது எங்கள் தெருவில் நான்தான். அப்புறம் பக்கத்துத் தையல்கடை அக்கா, எதிர்க்கடை மாவுக்காரர், பூக்கடைத் தம்பி என ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். கடை மூடிய நேரத்தில் தானாகப் போகும் அவே மெசேஜ், எழுதி வைத்து எடுத்து அனுப்பும் குயிக் ரிப்ளை, இந்த இரண்டைப் பற்றியும் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள். அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

"என்கிட்ட சாதா வாட்ஸ்அப் இருக்கே, அதுல இது வராதாண்ணே?"

வராது. பிசினஸ் வாட்ஸ்அப் தனி ஆப். பச்சைப் படத்துக்குள் B எழுத்து இருக்கும், காசு கிடையாது. ஒரே நம்பரை ஒரே நேரத்தில் சாதா வாட்ஸ்அப்பிலும் இதிலும் ஓட்ட முடியாது. சாதாவில் இருக்கும் நம்பரை இதில் பதிந்தால் அது இங்கே மாறி வந்துவிடும். மாற்றுவதற்கு முன்னால் பழைய உரையாடல்களை பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சிம் போன் என்றால் வீட்டு நம்பர் சாதாவில், கடை நம்பர் பிசினஸில் என்று ஒரே போனில் இரண்டு ஆப்பையும் வைத்துக்கொள்ளலாம். என் யோசனை அதுதான். ஒரே நம்பரில் எல்லாம் ஓட்டினால் ராத்திரி பத்து மணிக்கு "சாப்டியாடா" என்று கேட்கும் அம்மாவுக்கு "கடை நேரம் காலை 9 முதல்" என்று பதில் போகும். எனக்கு ஒருமுறை போனது.

"கிரீட்டிங், அவே, குயிக் ரிப்ளை, மூணும் ஒண்ணுதானே?"

கிரீட்டிங் என்பது வரவேற்பு. முதல்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சே இல்லாமல் இருந்துவிட்டு மறுபடி எழுதுபவருக்கும் தானாகப் போகும். அவே மெசேஜ் என்பது நீங்கள் இல்லாத நேரத்தில் தானாகப் போவது. குயிக் ரிப்ளை தானாகப் போகாது. அடிக்கடி தட்டுகிற பதிலை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு, வேண்டும்போது நீங்களே எடுத்து அனுப்புவது. இந்த வித்தியாசம் பிடிபடாததால் வந்த கேள்விகள்தான் கீழே இருப்பதில் பாதி.

நான் கிரீட்டிங்கை அணைத்து வைத்திருக்கிறேன். புது ஆள் ராத்திரி எழுதினால் வரவேற்பும் அவேயும் அடுத்தடுத்து கண்ணில் படும். ஒன்று "சொல்லுங்க" என்கிறது, இன்னொன்று "இப்போ இல்லை" என்கிறது. வைத்தே ஆக வேண்டும் என்றால் கடைப் பெயர் மட்டும் போதும்.

"எங்க போய் வைக்கணும்? தேடித் தேடிப் பாத்துட்டேன்."

ஆண்ட்ராய்டில் மேலே வலது மூலையில் மூன்று புள்ளி, அதில் `Business tools`, அதற்குள் `Away message`. ஐபோனில் `Tools` என்ற பக்கத்துக்குள் இருக்கும். ஆனால் அங்கே போவதற்கு முன்னால் பிசினஸ் புரொஃபைலில் கடை நேரத்தைப் போட்டுவிடுங்கள். எந்தெந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த நாள் விடுமுறை.

அப்புறம் `Away message`-க்குள் வந்து அதை ஆன் செய்தால் `Schedule` என்று ஒன்று இருக்கும். அதில் மூன்று வகை. `Always send` என்றால் எந்நேரமும் போகும். `Custom schedule` என்றால் நீங்கள் குறிக்கிற ஒரு காலத்துக்கு மட்டும். `Outside of business hours` என்றால் கடை நேரம் தவிர மற்ற நேரத்தில். அன்றாடத்துக்கு மூன்றாவதுதான் சரி. புரொஃபைலில் ஞாயிறு விடுமுறை என்று போட்டிருந்தால் ஞாயிறு முழுக்க அதுவே பார்த்துக்கொள்ளும். கீழே `Recipients` என்பதில் யாருக்குப் போகலாம் என்று தேர்ந்தெடுக்கலாம்: எல்லோருக்கும், காண்டாக்டில் இல்லாதவர்களுக்கு மட்டும், சிலரைத் தவிர மற்றவர்களுக்கு, அல்லது சிலருக்கு மட்டும்.

"'கடை மூடியிருக்கு, காலைல வாங்க'ன்னு வெச்சா போதாதா?"

நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். காலையில் கடை திறந்து போனைப் பார்த்தால் எட்டு பேர் எட்டு பிடிஎஃப் அனுப்பியிருப்பார்கள். கலரா கறுப்பு வெள்ளையா தெரியாது, எத்தனை காப்பி தெரியாது, ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா தெரியாது. எட்டு பேருக்கும் தனித்தனியாகக் கேள்வி அனுப்பிவிட்டு அவர்கள் எழுந்து பதில் போடும் வரை மெஷின் சும்மா நிற்கும். ஒன்பதரைக்கு எட்டு பேரும் ஒன்றாக நேரில் வந்து நிற்பார்கள்.

காலையில் எதைக் கேட்கப் போகிறோமோ அதை ராத்திரியே கேட்டுவிடலாமே என்று அப்புறம்தான் உறைத்தது. இப்போது இருப்பது இது:

> கடை மூடியாச்சு. காலை 9 மணிக்குத் திறந்ததும் பார்க்கிறோம்.
> பிரிண்ட் வேணும்னா ஃபைலோடு இதையும் எழுதிடுங்க:
> கலர் / கறுப்பு வெள்ளை
> எத்தனை காப்பி
> ஒரு பக்கம் / இரண்டு பக்கம்
> எத்தனை மணிக்கு வாங்க வருவீங்க
> போட்டோவை டாக்குமென்டா அனுப்புங்க, அப்பதான் தெளிவா வரும்.

கடைசி வரி ஏன் என்றால், போட்டோவைப் போட்டோவாகவே அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். திரையில் நன்றாகத் தெரியும், ஏ4 தாளில் சின்ன எழுத்தெல்லாம் கலங்கிப்போகும். டாக்குமென்டாக அனுப்பினால் ஃபைல் அப்படியே வரும். "எத்தனை மணிக்கு வருவீங்க" என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட உதவுவது. எதை முதலில் போடுவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

உங்கள் கடைக்கு இந்த வரிகள் வேறு. தையல்கடை அக்கா கேட்பது மூன்றுதான்: என்ன துணி, அளவு ப்ளவுஸ் இருக்கிறதா, என்ன தேதிக்கு வேண்டும். மாவுக்கடைக்காரர் கேட்பது எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு, அவ்வளவுதான். கேள்வி நான்கைந்தைத் தாண்டினால் யாரும் படிப்பதில்லை.

"எங்க வீட்டுக்காரர் போன்ல இருந்து டெஸ்ட் பண்ணேன். ஒண்ணுமே வரலையே?"

தையல்கடை அக்கா கேட்டது. முதலில் `Recipients` பாருங்கள். அவர்கள் "காண்டாக்டில் இல்லாதவர்களுக்கு மட்டும்" என்று வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் நம்பர் காண்டாக்டில் இல்லாமல் இருக்குமா? மெசேஜ் போகாதது சரியாக வேலை செய்ததன் அடையாளம்தான். சேமிக்காத நம்பரில் இருந்துதான் சோதிக்க வேண்டும்.

அது இல்லை என்றால் புரொஃபைலில் கடை நேரத்தைப் பாருங்கள். "எப்போதும் திறந்திருக்கும்" என்று தேர்ந்தெடுத்திருந்தால், கடை நேரத்துக்கு வெளியே என்று ஒரு நேரமே இல்லை, அவே ஒருநாளும் போகாது. மூன்றாவதாக, சோதித்தது பகலில் கடை நேரத்துக்குள் என்றாலும் போகாது.

பகலிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் கொஞ்ச நேரம் `Always send` வைத்துப் பார்த்துவிட்டு உடனே பழையபடி மாற்றுங்கள். அந்த "உடனே"வை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அக்கா மாற்ற மறந்து, மறுநாள் பகல் பதினொரு மணிக்குக் கேட்ட ஒருவருக்கு "கடை மூடியாச்சு" என்று போய், அவர் இன்னொரு கடைக்குப் போய்விட்டார்.

"ராத்திரி போனை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கறேன். மெசேஜ் போகும்ல?"

போகாது. அவே மெசேஜ் உங்கள் போனில் இருந்துதான் கிளம்புகிறது. போனில் நெட் இருந்தால்தான் போகும். ஆஃப், ஏரோபிளேன் மோடு, டேட்டா தீர்ந்துபோனது எல்லாம் ஒன்றுதான். தூக்கம் கெடக் கூடாது என்றால் சைலன்ட்டில் போட்டு சார்ஜரில் வையுங்கள், நெட் மட்டும் இருக்கட்டும்.

சில ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே ஆப்பைத் தூங்க வைத்துவிடும். அடையாளம் எப்படி என்றால், ராத்திரி வந்த மெசேஜ் எல்லாம் காலையில் ஆப்பைத் திறந்த பிறகு மொத்தமாகக் கொட்டும். போன் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் பிசினஸ் வாட்ஸ்அப்புக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

"மதியம் ரெண்டு மணிக்குச் சாப்பிடப் போறேன். அதுக்கும் வெக்கலாமா?"

நான் வைப்பதில்லை. அரை மணி நேரத்துக்காக அமைப்பை மாற்றினால் திரும்ப மாற்ற மறப்போம், மேலே அக்காவுக்கு நடந்ததுதான் நடக்கும். சாப்பிட்டு வந்து நேரடியாகப் பதில் போட்டுக்கொள்ளலாம்.

"பொங்கலுக்கு மூணு நாள் லீவு. எப்படி வெக்கிறது?"

இதற்குத்தான் `Custom schedule`. தொடங்கும் தேதி நேரம், முடியும் தேதி நேரம் இரண்டையும் குறித்தால் அந்த இடைவெளி முழுக்கப் போகும். ஆனால் ஆப்பில் அவே மெசேஜ் ஒன்றே ஒன்றுதான். பொங்கலுக்கு எழுதினால் தினசரி மெசேஜ் அந்த இடத்தை விட்டுப் போய்விடும். பொங்கல் முடிந்ததும் அது தானாகத் திரும்பி வராது.

நான் செய்வது இப்படி. தினசரி அவே மெசேஜின் எழுத்தை ஒரு குயிக் ரிப்ளையாகவும் `/away` என்ற பெயரில் வைத்திருக்கிறேன். போகி அன்று சாயங்காலம் கடை மூடும்போது `Custom schedule` போட்டு "பொங்கல் விடுமுறை, 18ஆம் தேதி காலை 9 மணிக்குத் திறக்கிறோம்" என்று மாற்றுகிறேன். திறக்கும் நாளை எழுதுங்கள், "மூன்று நாள் விடுமுறை" என்று எழுதாதீர்கள். இரண்டாம் நாள் படிப்பவருக்கு எந்த மூன்று நாள் என்று புரியாது. திறக்கிற அன்று காலை ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை, `/away`-ஐ எடுத்துக் காப்பி செய்து பழையபடி ஒட்டி, `Outside of business hours`-க்கு மாற்றுவது. மறக்காமல் இருக்க முந்தைய நாளே போனில் அலாரம்.

"'ரேட்'னு ஒருத்தர் அனுப்பினா தானா ரேட் போற மாதிரி குயிக் ரிப்ளை வெச்சுக் குடுங்கண்ணே."

பூக்கடைத் தம்பி. முடியாது தம்பி. முன்னால் சொன்னேனே, குயிக் ரிப்ளை நீங்கள் எடுத்து அனுப்புவது. அதை உருவாக்கும்போது `Keywords` என்று ஒரு பெட்டி வருவதைப் பார்த்து எல்லோரும் ஏமாறுகிறார்கள். அந்தச் சொற்கள் உங்களுக்குத் தேட உதவுவதற்கு. வாடிக்கையாளர் அதை எழுதினால் எதுவும் நடக்காது.

தானாகப் பதில் போடும் ஆப் என்று ஏதேதோ கிடைக்கும். வாட்ஸ்அப் அனுமதிக்காத ஆப்பை நம்பரில் மாட்டினால் நம்பரே முடக்கப்படலாம். போர்டிலும் பில்லிலும் அச்சடித்த நம்பர் அது. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

"சரி, அப்போ எத்தனை வெச்சுக்கலாம்? என்ன பேர் வெக்கணும்?"

50 வரை வைக்கலாம். என்னிடம் ஏழு இருக்கின்றன. முதலில் இருபது எழுதினேன், எது எது என்று எனக்கே நினைவில்லை. இப்போது ஒரு வழக்கம்: ஒரே பதிலை ஒரே நாளில் மூன்று தடவை தட்டினால்தான் அதற்கு ஒரு குயிக் ரிப்ளை.

மெசேஜ் எழுதும் பெட்டியில் `/` போட்டாலே பட்டியல் வரும், பெயரைத் தட்டினால் அது மட்டும் நிற்கும். பெயரை ஆங்கில எழுத்தில் குட்டியாக வையுங்கள்: `/rate`, `/time`, `/doc`, `/adhar`. தமிழில் வைத்தால் சாய்கோட்டுக்கு ஒரு கீபோர்டு, பெயருக்கு இன்னொரு கீபோர்டு என்று மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். `/rate1`, `/rate2` என்று வைக்காதீர்கள். கடையில் நான்கு பேர் நிற்கும்போது ஒன்று எது இரண்டு எது என்று யோசிக்க நேரம் இருக்காது.

"அந்த `/adhar`ல என்ன இருக்கு?"

என் கடையில் அதிகம் ஓடுவது அதுதான். இ-ஆதார் பிடிஎஃபை டவுன்லோட் செய்து அப்படியே எனக்கு அனுப்புவார்கள். திறந்தால் பாஸ்வேர்டு கேட்கும். "எனக்கு யாரும் பாஸ்வேர்டு தரலையே" என்பார்கள். முன்பெல்லாம் ஒவ்வொருவருக்கும் போனில் விளக்குவேன், ஐந்து நிமிடம் போகும். இப்போது இது போகிறது:

> ஆதார் ஃபைலுக்கு பாஸ்வேர்டு: ஆதாரில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயரின் முதல் 4 எழுத்து (பெரிய எழுத்தில்), அதை ஒட்டியே பிறந்த வருஷம்.
> KAVITHA, 1988 என்றால் KAVI1988.
> முதலில் இனிஷியல் இருந்தால் அதுவும் புள்ளியும் சேரும். P. KUMAR, 1990 என்றால் P.KU1990.
> உங்க போனில் திறந்து பாருங்க. கடைக்கு வந்து நீங்களே டைப் பண்ணிக்கலாம், இங்க அனுப்ப வேண்டாம்.

இனிஷியல் வரி முதலில் இல்லை. நம் ஊரில் பாதிப் பேர் ஆதாரில் இனிஷியல் முன்னால்தான் இருக்கும். அவர்கள் பெயரை மட்டும் எண்ணிப் போட்டுப் பார்த்து, "ஒர்க் ஆகலை" என்று திரும்பி வந்தார்கள். இரண்டு நாளில் ஏழெட்டு பேர் அப்படி வந்த பிறகு அந்த வரியைச் சேர்த்தேன். அனுப்பிய பிறகும் அதே சந்தேகம் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பதிலில் ஒரு வரி குறைகிறது என்று அர்த்தம்.

"ரேட் ஏத்திட்டேன். ஆனா கஸ்டமர் பழைய ரேட்டைக் காட்டி சண்டை போடறாங்க."

எனக்கும் நடந்தது. பேப்பர் விலை ஏறியதும் `/rate`-ல் மாற்றினேன். ஆனால் `/bind`-லும் பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன், அது பழையபடியே இருந்தது. புராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங்குக்கு வந்த காலேஜ் பையன் என் மெசேஜையே என்னிடம் நீட்டினான். 140 பக்கம், பக்கத்துக்கு ஐம்பது பைசா வித்தியாசம். 70 ரூபாய். எழுதியது நான், அவன் மேல் என்ன தப்பு? பழைய விலைக்கே போட்டுக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து விலை ஒரே ஒரு குயிக் ரிப்ளையில்தான் இருக்கும். மற்றவற்றில் வேலையைப் பற்றி மட்டும். `/rate`-ன் முதல் வரியில் "இந்த மாத விலை" என்று மாதப் பெயரோடு எழுதுகிறேன். அவே மெசேஜில் விலையே வேண்டாம்.

"கடைப் பையன் கம்ப்யூட்டர்ல பதில் போடறான். அவனுக்கும் இது வருமா?"

வரும். `Linked devices` வழியாக இணைத்த கம்ப்யூட்டரிலும் `/` போட்டால் எழுத்துப் பதில்கள் வரும். நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். போட்டோ வைத்த குயிக் ரிப்ளையை மட்டும் போனில் இருந்தே அனுப்புங்கள், வாட்ஸ்அப் வெப்பில் அது ஒத்துவராது. மாவுக்கடைக்காரர் பணம் போடும் க்யூஆர் படத்தைக் குயிக் ரிப்ளையில் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தார்.

பையன் வேலையை விட்டுப் போனால் அன்றே `Linked devices` போய் அந்தக் கருவியை லாக் அவுட் செய்யுங்கள்.

"ரெடிமேடா அனுப்பறீங்க, மெஷின் மாதிரி இருக்குன்னு ஒரு கஸ்டமர் சொல்லிட்டாங்க. என்ன பண்ண?"

குயிக் ரிப்ளையைத் தேர்ந்தெடுத்ததும் அது பெட்டிக்குள் வந்து நிற்கும். அனுப்பும் முன் திருத்தலாம். முன்னால் "அக்கா" என்றோ "சார்" என்றோ ஒரு சொல், அவர் கேட்டதில் இருந்து ஒரு சொல், அது போதும். கேட்ட கேள்வியைப் படிக்காமல் அனுப்பினால்தான் மெஷின் மாதிரி இருக்கும்.

அவே மெசேஜில் அந்த வசதி இல்லை, யார் எழுதினாலும் ஒரே பதில்தான் போகும். முன்பு என் அவே மெசேஜ் "வணக்கம்! 😊🙏" என்று தொடங்கும், முடிவில் "இனிய இரவு வணக்கம் 🎉" என்று இருக்கும். ஒருநாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒருவர் ஒரு பெரியவரின் போட்டோவை அனுப்பி, "கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காலைல ஏழு மணிக்கு வேணும், அப்பா தவறிட்டாங்க" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே என் பட்டாசுப் படம். ஐந்தரைக்குத்தான் பார்த்தேன். போன் செய்து மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆறு மணிக்கே கடையைத் திறந்தேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே படங்களை எல்லாம் எடுத்துவிட்டேன். மேலே காட்டிய அவே மெசேஜ் "கடை மூடியாச்சு" என்று வெறுமனே தொடங்குவது அதனால்தான். இப்போது அதன் அடியில் இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறேன்: "துக்க காரியம், அவசரம் என்றால் இந்த நம்பருக்கே போன் செய்யுங்க, எந்நேரமும் எடுப்போம்." மாதத்துக்கு இரண்டு மூன்று அழைப்பு வருகிறது.